ஏட்டில் 9.20 லட்சம், வரிக்கு 14.42 லட்சம்: கோவைக் கூட்டாண்மை நிறுவனம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோவையில் பம்புசெட் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு சிறிய பட்டறை. அண்ணன், தம்பி இருவரும் கூட்டாளிகள். பவுண்டரியிலிருந்து காஸ்டிங் வாங்கி, லேத்தில் கடைந்து, துளையிட்டு, பம்பு தயாரிக்கும் நிறுவனங்களுக்குக் கொடுக்கிறார்கள். தொழிலாளர்கள் பன்னிரண்டு பேர். 2023-24 நிதியாண்டில் விற்றுமுதல் ரூ. 3.40 கோடி. வாரக் கூலியில் பெரும்பகுதியை ரொக்கமாகக் கொடுப்பதால் ரொக்கச் செலவு ஐந்து சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. அதனால் பத்துக் கோடி வரை தணிக்கை வேண்டாம் என்ற சலுகை இவர்களுக்குப் பொருந்தாது. ஆண்டுதோறும் வரித் தணிக்கை உண்டு. நான் அவர்களுடைய ஆடிட்டர்.

இங்கே எழுதுவது அந்த ஓராண்டின் கணக்கு. நிறுவனத்தின் அடையாளம் தெரியாமலிருக்க எண்களைச் சற்று மாற்றி ஆயிரங்களுக்கு முழுதாக்கியிருக்கிறேன். விகிதங்களும் நடந்த முறையும் மாறவில்லை. இங்கே சொல்லும் விதிகளும் பிரிவு எண்களும் படிவ எண்களும் அந்த ஆண்டுக்குப் பொருந்திய 1961 வருமான வரிச் சட்டத்தினுடையவை.

கைக்கு வந்த கணக்கு

2024 ஆகஸ்டில் கணக்கர் கொண்டுவந்த லாப நட்டக் கணக்கு நிகர லாபம் ரூ. 9,20,000 என்று காட்டியது. கூட்டாளிகளின் ஊதியம் ஆளுக்கு மாதம் ரூ. 40,000 வீதம் ரூ. 9,60,000, ஏட்டுத் தேய்மானம் ரூ. 4,10,000 ஆகியவற்றைக் கழித்த பிறகு மிஞ்சிய தொகை அது. கூட்டாண்மை நிறுவனத்துக்கு வரி 30 சதவீதம், அதன்மேல் 4 சதவீதம் கூடுதல் தீர்வை, ஆக 31.2. ஒன்பதே கால் லட்சம் லாபம் வரும் என்று முன்பே மதிப்பிட்டு நான்கு தவணைகளில் ரூ. 2,90,000 முன்வரி கட்டியிருந்தார்கள். அந்த மதிப்பீட்டைப் போட்டுக் கொடுத்தது என் அலுவலகம்தான். டிசம்பர் வரையிலான கணக்கை வைத்து ஆண்டு லாபத்தை ஊகித்தோமே தவிர, அந்த லாபம் வரிக்கு எவ்வளவாக மாறும் என்று பார்க்கவில்லை.

"வரியெல்லாம் கட்டியாச்சே சார், இனி ரிட்டர்ன் போடுவது மட்டும்தானே?" என்று அண்ணன் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு மூன்று வாரங்கள் ஆயின.

எட்டு நாள்

முதலில் கையில் எடுத்தது தேய்மானம். ஏட்டில் எழுதிய ரூ. 4,10,000 நிறுவனம் தன் வழக்கப்படி போட்டது. வரிக்கு அது செல்லாது. அதை முழுவதும் லாபத்தில் திரும்பக் கூட்டிவிட்டு, சட்டம் சொல்லும் விகிதத்தில் புதிதாகக் கணக்கிட வேண்டும். சட்டம் ஒவ்வோர் இயந்திரத்தையும் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. ஒரே விகிதமுள்ள சொத்துகளைச் சேர்த்து ஒரு தொகுதியாக்கி, அந்தத் தொகுதியின் எழுதிக் குறைத்த மதிப்பின்மேல், அதாவது இதுவரை கழித்த தேய்மானம் போக மீதியின்மேல், தேய்மானம் தருகிறது. பொதுவான இயந்திரங்களுக்கு 15 சதவீதம், அறைகலன்களுக்கு 10, கணினிக்கு 40.

அந்த ஆண்டு பட்டறையில் ஒரு பழைய லேத் போனது, ஒரு புதிய சிஎன்சி லேத் வந்தது. பழைய லேத்தின் ஏட்டு மதிப்பு ரூ. 1,00,000, விற்றது ரூ. 2,10,000. கணக்கர் ரூ. 1,10,000 லாபம் என்று வரவு வைத்திருந்தார். வரிச் சட்டத்தில் இப்படி ஒரு லாபமே கிடையாது. விற்ற பணம் முழுவதும் தொகுதியின் மதிப்பிலிருந்து கழியும். தொகுதியில் மதிப்பும் சொத்தும் மிஞ்சியிருக்கும்வரை அதோடு முடிந்தது. ஆகவே அந்த ரூ. 1,10,000-ஐ லாபத்திலிருந்து நீக்கினேன். தொகுதியின் தொடக்க மதிப்பு ரூ. 14,20,000. அதில் ரூ. 2,10,000 போக மீதி ரூ. 12,10,000. அதற்கு 15 சதவீதம் ரூ. 1,81,500.

புதிய லேத்தில்தான் சிக்கல் இருந்தது. அதன் விலை, உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொண்ட ஜிஎஸ்டி நீங்கலாக, ரூ. 22,00,000. விலைப்பட்டியல் 2023 செப்டம்பர் 21-ஆம் தேதி போடப்பட்டது. உற்பத்தித் தொழிலில் புதிய இயந்திரம் வாங்கினால் வழக்கமான 15 சதவீதத்துடன், முதலாண்டில் 20 சதவீதம் கூடுதல் தேய்மானமும் கிடைக்கும். ஆனால் அந்த நிதியாண்டில் இயந்திரம் பயன்பாட்டில் இருந்தது 180 நாளுக்குக் குறைவென்றால் இரண்டுமே பாதியாகிவிடும். கூடுதல் தேய்மானத்தில் விட்டுப்போன பாதியை அடுத்த ஆண்டு எடுத்துக்கொள்ளலாம். வழக்கமான 15 சதவீதத்தில் விட்டுப்போன பாதிக்கு அப்படி ஒரு வழி இல்லை. அது எழுதிக் குறைத்த மதிப்பிலேயே தங்கி ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் கரையும்.

2024 பிப்ரவரிக்கு 29 நாள். எனவே 2023 அக்டோபர் 4-ஆம் தேதி ஓடத் தொடங்கிய இயந்திரத்துக்கு மார்ச் 31 வரை சரியாக 180 நாள் வரும். விலைப்பட்டியல் செப்டம்பரில் இருப்பதால் முழு விகிதமும் கிடைக்கும் என்று கணக்கர் நினைத்திருந்தார். ஆனால் எண்ண வேண்டியது வாங்கிய நாளிலிருந்து அல்ல, பயன்பாட்டுக்கு வந்த நாளிலிருந்து. விற்ற நிறுவனத்தின் பொறியாளர் கையெழுத்திட்ட நிறுவல் அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அதில் அக்டோபர் 12 என்று இருந்தது. மின்வாரியத்திலிருந்து கூடுதல் மின்பளு அனுமதி தாமதமாக வந்ததால் லேத் இரண்டு வாரம் பெட்டியிலேயே கிடந்திருக்கிறது. உற்பத்திப் பதிவேட்டிலும் அந்த லேத்தின் முதல் வேலை அக்டோபர் 12-ஆம் தேதிதான். மார்ச் 31 வரை 172 நாள். எட்டு நாள் குறைவு.

தம்பி கேட்டார்: "செப்டம்பர் கடைசியில் ஓட்டிப் பார்த்தோம் என்று எழுதிக் கொடுத்தால் ஆகாதா சார்?" மின்சாரமே வராத இயந்திரத்தை ஓட்டிப் பார்த்ததாக நான் எழுத முடியாது என்றேன். சரியில்லை என்பது முதற்காரணம். அதைவிட்டு வெறும் பிழைப்புக் கணக்காகப் பார்த்தாலும் மூன்று ஆவணங்கள் எதிராக நிற்கும்: நிறுவல் அறிக்கை, மின்பளு அனுமதிக் கடிதம், உற்பத்திப் பதிவேடு. தம்பி அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

அடக்கவிலையிலும் திருத்தம் வந்தது. லேத்தை இறக்கிய கிரேன் கூலி, வண்டி வாடகை, கான்கிரீட் அடித்தளம் எல்லாம் சேர்த்து ரூ. 85,000-ஐ பராமரிப்புச் செலவில் எழுதியிருந்தார்கள். இயந்திரத்தை வேலைக்குத் தயாராக்கும் செலவு இயந்திரத்தின் விலையோடு சேர வேண்டும். அந்த ஆண்டின் செலவாகாது. எனவே ரூ. 85,000-ஐ லாபத்தில் கூட்டினேன். ஆனால் லேத்தின் விலையில் ரூ. 50,000 மட்டுமே சேர்க்க முடிந்தது. அடித்தளம் போட்ட கொத்தனாருக்கு ஒரே நாளில் ரூ. 35,000 ரொக்கமாகக் கொடுத்திருந்தார்கள். ஒரு நாளில் ஒருவருக்குப் பத்தாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், செலவு என்றால் கழிவு கிடையாது என்பது பலருக்கும் தெரியும். சொத்துக்குக் கொடுத்த பணத்துக்கும் அதே வரம்பு உண்டு, அந்தத் தொகை அடக்கவிலையிலேயே சேராது என்பது பலருக்குத் தெரிவதில்லை. அந்த ரூ. 35,000-க்கு இந்த ஆண்டும் தேய்மானம் இல்லை, இனி எந்த ஆண்டும் இல்லை.

வங்கிக் கடனுக்கு செப்டம்பர் 21 முதல் லேத் ஓடத் தொடங்கும்வரை ஆன வட்டி ரூ. 10,000-ஐயும் இதேபோல் செலவிலிருந்து எடுத்து விலையில் சேர்த்தேன். ஆக லேத்தின் அடக்கவிலை ரூ. 22,60,000. அதற்கு 7.5 சதவீதம் ரூ. 1,69,500; கூடுதல் தேய்மானம் 10 சதவீதம் ரூ. 2,26,000. கணினிக்கும் அறைகலன்களுக்கும் ரூ. 33,000. எல்லாம் சேர்ந்து வரிக்கான தேய்மானம் ரூ. 6,10,000.

ஏட்டுத் தேய்மானத்தைவிட இது இரண்டு லட்சம் அதிகம் என்பதால் கூட்டாளிகளுக்கு இலாபம்தான். ஆனால் அந்த எட்டு நாள் கிடைத்திருந்தால் இன்னும் ரூ. 3,95,500 கழிந்திருக்கும், அந்த ஆண்டின் வரியில் சுமார் ரூ. 1.23 லட்சம் குறைந்திருக்கும். மின்பளு விண்ணப்பத்தை லேத்துக்கு ஆர்டர் கொடுத்த அன்றே போட்டிருந்தால் போதும்.

பவுண்டரிக்குக் கொடுக்காத பணம்

தேய்மானத்தை முடித்தபோது வரிக்குரிய லாபம் ஏட்டு லாபத்தைவிடக் குறைவாகத்தான் வரும் என்று எண்ணினேன். பட்டறை பணம் தர வேண்டியவர்களின் பட்டியலைத் திறந்தபோது அந்த எண்ணம் போய்விட்டது.

பணத்தை உண்மையில் கட்டினால்தான் சில செலவுகளுக்குக் கழிவு என்று சொல்வது பிரிவு 43பி. 2023-24 நிதியாண்டிலிருந்து அதில் (எச்) என்ற புதிய உட்பிரிவு நடைமுறைக்கு வந்தது. குறு, சிறு நிறுவனத்திடம் வாங்கிய பொருளுக்கோ சேவைக்கோ உரிய காலத்துக்குள் பணம் கொடுக்காவிட்டால், உண்மையில் கொடுக்கும் ஆண்டில்தான் அந்தச் செலவு கழியும். உரிய காலம் என்பது எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் பதினைந்து நாள். ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாள், ஆனால் எப்படியும் நாற்பத்தைந்து நாளுக்கு மேல் இல்லை. 43பி-யின் மற்ற இனங்களில் ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் கட்டினால் அந்த ஆண்டிலேயே கழிவு கிடைக்கும். இந்த உட்பிரிவுக்கு அந்தச் சலுகை இல்லை.

காஸ்டிங் தரும் பவுண்டரி, குறு, சிறு நிறுவனங்களுக்கு அரசு தரும் உத்யம் பதிவு பெற்ற குறு நிறுவனம். பதிவு எண் ஒவ்வொரு பில்லின் அடியிலும் அச்சாகியிருந்தது. பட்டறையில் யாரும் அதைப் பார்த்ததில்லை. கொடுக்கல் வாங்கல் தொண்ணூறு நாள் தவணையில், வாய்மொழியாக. பம்பு நிறுவனங்கள் இவர்களுக்குத் தொண்ணூறு நாளில் கொடுக்கின்றன, இவர்கள் பவுண்டரிக்குத் தொண்ணூறு நாளில் கொடுக்கிறார்கள். ஊர் வழக்கம் அதுதான். சட்டத்தின் பார்வையில் எழுத்து ஒப்பந்தம் இல்லை, ஆகவே பதினைந்து நாள்.

மார்ச் 31 அன்று பவுண்டரிக்கான பாக்கியை பில் பில்லாகப் பிரித்தேன். கடைசி பில் மார்ச் 22-ஆம் தேதியினுடையது. ஏப்ரல் 4-ஆம் தேதி பணம் போயிருந்தது. பதினைந்து நாளுக்குள் கொடுத்ததால் அதில் தடை இல்லை. டிசம்பர் முதல் மார்ச் முதல் வாரம் வரையான மற்ற பில்கள் மொத்தம் ரூ. 7,55,000. கெடு எல்லாவற்றுக்கும் கடந்துவிட்டது. இந்தத் தொகையை அப்படியே லாபத்தில் கூட்டுவது தவறு. அதில் ரூ. 1,15,000 ஜிஎஸ்டி; அது உள்ளீட்டு வரியாக எடுக்கப்பட்டதே தவிர, செலவில் எழுதப்படவில்லை. செலவாக எழுதாததை மறுக்க வழியில்லை. ஆக மறுக்கப்பட்டது ரூ. 6,40,000.

அதே பட்டியலில் இரும்புக் கம்பி விற்கும் ஒரு வியாபாரிக்கு ரூ. 4,80,000 பாக்கி இருந்தது. அவரும் உத்யம் பதிவு வைத்திருந்தார். முதல் வரைவில் என் உதவியாளர் அதையும் சேர்த்துவிட்டார். பதிவுச் சான்றிதழை வரவழைத்துப் பார்த்ததில், அவருடைய தொழில் மொத்த வணிகம் என்று மட்டும் இருந்தது. வணிகர்களுக்கு அந்தப் பதிவு வங்கிகளின் முன்னுரிமைக் கடனுக்காக மட்டுமே தரப்படுகிறது. காலக்கெடுப் பாதுகாப்பு உற்பத்தியாளருக்கும் சேவை தருபவருக்கும்தான். அதனால் அந்த ரூ. 4,80,000-ஐ நீக்கினோம். சான்றிதழில் ஒரு வரியைப் படிக்காமல் விட்டிருந்தால் வரி ஒன்றரை லட்சம் கூடியிருக்கும்.

மற்ற மூன்று

தொழிலாளர்களின் பி.எஃப். பங்கு இரண்டு மாதங்களுக்குத் தாமதம். கெடு அடுத்த மாதம் 15-ஆம் தேதி. ஒரு மாதம் 19-ஆம் தேதியும் இன்னொரு மாதம் 22-ஆம் தேதியும் கட்டியிருந்தார்கள். தொகை ரூ. 43,000. முதலாளியின் பங்கு என்றால் ரிட்டர்ன் கெடுவுக்குள் கட்டினால் போதும். தொழிலாளியின் கூலியில் பிடித்த பணத்துக்கு அந்த ஆண்டின் விதி அப்படியல்ல. அது நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்ட பிறர் பணம், ஒரு நாள் தாமதமானாலும் கழிவு நிரந்தரமாகப் போய்விடும் என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. தணிக்கை அறிக்கையின் படிவம் 3சிடி-யில் கட்டிய தேதிகளை எழுத வேண்டும். நாம் சேர்க்காவிட்டால் பெங்களூருவிலுள்ள மையச் செயலாக்க அலுவலகம் சேர்த்துவிடும். எனவே நாங்களே சேர்த்தோம்.

வழியில் இ-வே பில் எனும் மின்வழிச் சீட்டு இல்லாமல் சரக்கு பிடிபட்டதற்குக் கட்டிய அபராதம் ரூ. 54,000, 'வண்டிச் செலவு' என்ற தலைப்பில் கிடந்தது. சட்டத்தை மீறியதற்கான தண்டம் தொழிற்செலவாகாது. கேள்விக்கே இடமில்லாமல் கூட்டினோம்.

மூன்றாவது, சற்று நம்பிக்கை தந்த இனம். முலாம் பூசும் கூலி வேலையை ஒருவரிடம் கொடுத்து ஆண்டில் ரூ. 3,00,000 தந்திருந்தார்கள், டிடிஎஸ் பிடிக்கவில்லை. தனிநபர் என்பதால் பிடிக்க வேண்டியது ஒரு சதவீதம், மூவாயிரம் ரூபாய். பிடிக்காததற்கு மறுப்பு, செலவில் 30 சதவீதம், அதாவது ரூ. 90,000, வரியாக ரூ. 28,000-க்கு மேல். ஆனால் இங்கே ஒரு வாசல் உண்டு. பணம் பெற்றவர் அந்த வருமானத்தைத் தன் ரிட்டர்னில் காட்டி, அதற்குரிய வரியையும் கட்டியிருந்தால், ஒரு பட்டயக் கணக்கரின் சான்றை படிவம் 26ஏ வழியாகக் கொடுத்து மறுப்பைத் தவிர்க்கலாம். முலாம் பூசுபவர் ஜூலையிலேயே ரிட்டர்ன் போட்டிருந்தார். அண்ணன் அவரிடம் நேரில் போய்க் கேட்டார். தன் கணக்கரிடம் சான்று வாங்கித் தர அவர் முதலில் தயங்கினார். சான்றுக்கான கட்டணத்தைப் பட்டறையே ஏற்றதும் செப்டம்பரில் தந்தார். ரூ. 90,000 கணக்கீட்டிலிருந்து வெளியேறியது. மூவாயிரத்தின்மேல் சில மாத வட்டி மட்டும் கட்ட வேண்டியிருந்தது.

இறுதிக் கணக்கீடு

கூட்டாளிகளின் ஊதியத்தை முதலில் திரும்பக் கூட்டி, மற்ற திருத்தங்களையெல்லாம் செய்த பிறகு வரும் தொகையின்மேல்தான் ஊதிய வரம்பைப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டின் விதிப்படி முதல் மூன்று லட்சத்துக்கு 90 சதவீதம், மீதிக்கு 60 சதவீதம். வரம்பு பதினைந்து லட்சத்துக்கு மேல் வந்தது. ஒப்பந்தப் பத்திரத்தில் எழுதியிருந்தது ரூ. 9,60,000. முழுவதும் கழிந்தது.

| விவரம் | ரூ. |
|---|---|
| லாப நட்டக் கணக்குப்படி நிகர லாபம் | 9,20,000 |
| கூட்டு: ஏட்டுத் தேய்மானம் | 4,10,000 |
| கூட்டு: கூட்டாளிகள் ஊதியம் | 9,60,000 |
| கூட்டு: பராமரிப்பில் எழுதிய மூலதனச் செலவு | 85,000 |
| கூட்டு: லேத் ஓடுமுன் ஆன கடன் வட்டி | 10,000 |
| கூட்டு: பவுண்டரி பாக்கி | 6,40,000 |
| கூட்டு: தாமதமான பி.எஃப். | 43,000 |
| கூட்டு: அபராதம் | 54,000 |
| கழி: பழைய லேத் விற்ற ஏட்டு லாபம் | 1,10,000 |
| கழி: வரிச் சட்டப்படித் தேய்மானம் | 6,10,000 |
| கழி: கூட்டாளிகள் ஊதியம், வரம்புக்குள் | 9,60,000 |
| வரிக்குரிய லாபம் | 14,42,000 |

வரி ரூ. 4,49,904. முன்வரி போக ரூ. 1,59,904 பாக்கி. முன்வரியைக் குறைத்துக் கட்டியதற்கும் தவணைகளில் குறைந்ததற்கும் வட்டி சுமார் ரூ. 19,000. அக்டோபரில் கட்டினார்கள்.

கூட்டாளிகளிடம் விளக்கியது

இந்தப் பட்டியலை நீட்டினால் மட்டும் போதாது என்று எனக்குத் தோன்றியது. ஒன்பது லட்சம் சம்பாதித்தவரிடம் பதினான்கு லட்சத்துக்கு வரி கேட்டால், ஏமாற்றப்பட்டதாகத்தான் நினைப்பார். அதனால் பட்டியலின் ஒவ்வொரு இனத்துக்கும் எதிரே, இந்தப் பணம் திரும்பி வருமா என்று பென்சிலால் குறித்துக் காட்டினேன்.

பி.எஃப்., அபராதம், கொத்தனாரின் ரொக்கம் மூன்றும் சேர்ந்து ரூ. 1,32,000. இவை வரவே வராது. வரியில் நிரந்தர இழப்பு ரூ. 41,000. லேத்தின் விட்டுப்போன கூடுதல் தேய்மானம் ரூ. 2,26,000 அடுத்த ஆண்டே வரும். பவுண்டரியின் ரூ. 6,40,000-ஐ ஏப்ரலிலும் மே முதல் வாரத்திலும் கொடுத்துவிட்டதால் அதுவும் அடுத்த ஆண்டின் கழிவில் முழுவதும் வரும். ஆனால் அதற்கான வரி ரூ. 1,99,680-ஐ ஓர் ஆண்டு முன்னதாகக் கட்ட வேண்டியதாயிற்று.

அண்ணன் வெகுநேரம் பட்டியலில் அந்தப் பவுண்டரி பாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மார்ச்சில் ஓவர்டிராஃப்ட் வரம்பில் ஒன்பது லட்சம் எடுக்காமல் இருந்ததே சார்" என்றார். அந்த ஒரு பேச்சில் முழுக் கணக்கும் அடங்கியிருந்தது. டிசம்பர் பில்லாக இருந்தாலும் மார்ச் 31-க்குள் கொடுத்திருந்தால், கெடு தாண்டியிருந்தாலும் அந்த ஆண்டிலேயே கழிந்திருக்கும். மே முதல் வாரம் வரையான ஐந்தாறு வாரத்துக்கு ஓவர்டிராஃப்ட் வட்டி பத்தாயிரத்துக்குள் முடிந்திருக்கும். வரிக்குரிய லாபம் ரூ. 8,02,000 ஆகியிருக்கும், ஏட்டு லாபத்தைவிடக் குறைவாக. வரி ரூ. 2,50,224. கட்டிய முன்வரியில் சுமார் நாற்பதாயிரம் திரும்பி வந்திருக்கும்.

அவருக்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. மார்ச் மாதம் அவர்களிடம் நான் ஒரு முறைகூடத் தொலைபேசியில் பேசியிருக்கவில்லை.

அதன் பின்

ரிட்டர்ன் கெடுவுக்குள் தாக்கலானது. ரிட்டர்னைச் சரிபார்த்து வரித் துறை அனுப்பும் அறிவிப்பு எந்தத் திருத்தமும் இல்லாமல் வந்தது, பி.எஃப். தொகையை நாங்களே சேர்த்திருந்ததால் அங்கே சேர்க்க எதுவும் இருக்கவில்லை.

2024-25க்கான கணக்கைப் போட்டபோது, முந்தைய ஆண்டில் மறுக்கப்பட்ட ரூ. 6,40,000-ஐயும் மீதிக் கூடுதல் தேய்மானம் ரூ. 2,26,000-ஐயும் மறக்காமல் எடுத்தோம். மறக்காமல் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இவை இரண்டும் அடுத்த ஆண்டின் ஏட்டில் எங்கேயும் தென்படாது. பவுண்டரிக்குக் கொடுத்த பணம் கடன் தீர்ப்பாகப் பதிவாகுமே தவிர, செலவாக வராது. முந்தைய ஆண்டின் கணக்கீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் தெரியும். ஆடிட்டரை மாற்றும் நிறுவனங்கள் இந்த இடத்தில் பணத்தை இழப்பதைக் கண்டிருக்கிறேன். அதனால் இப்போது கணக்கீட்டின் கடைசிப் பக்கத்தில் 'அடுத்த ஆண்டு எடுக்க வேண்டியவை' என்று தனியாக எழுதி, ஒரு படியைக் கட்சிக்காரரிடமே கொடுத்துவிடுகிறேன்.

மாற்றியவை

பவுண்டரியுடன் நாற்பத்தைந்து நாள் தவணைக்கு ஒரு பக்க எழுத்து ஒப்பந்தம் போட்டார்கள். தொண்ணூறு நாள் வழக்கத்தை அது மாற்றிவிடவில்லை. பம்பு நிறுவனங்கள் பணம் தரும்வரை இவர்களாலும் தர முடிவதில்லை. ஆண்டின் நடுவே தாமதம் இன்னும் இருக்கிறது. ஆனால் மார்ச் மூன்றாம் வாரத்தில் பவுண்டரியின் பழைய பில்களை மட்டும் ஓவர்டிராஃப்டில் எடுத்துத் தீர்க்கிறார்கள். புதிதாகச் சரக்கு தரும் எவரிடமும் முதலில் உத்யம் சான்றிதழைக் கேட்டு, உற்பத்தியா வணிகமா என்று பார்த்து, கடன்காரரின் பெயருக்குப் பக்கத்திலேயே குறித்துவைக்கிறார்கள்.

என் அலுவலகத்தில், மார்ச் 15 முன்வரித் தவணைக்கு முன்பாக, தணிக்கை உள்ள ஒவ்வொரு நிறுவனத்துக்கும் இந்தக் கணக்கீட்டை ஒருமுறை தோராயமாகப் போட்டுப் பார்க்கிறோம். ஆகஸ்டில் நான் செய்த வேலையில் பெரும்பகுதி நடந்து முடிந்ததை எழுதிவைப்பதுதான். மார்ச்சில் இன்னும் பதினாறு நாள் மிச்சமிருக்கும்.

2025 மார்ச் 18 அன்று தம்பி அழைத்தார். பவுண்டரி பாக்கி ரூ. 5.30 லட்சம், ஓவர்டிராஃப்டில் இடம் நான்கு லட்சம்தான், எந்தப் பில்லை விடலாம் என்று கேட்டார். அந்த வாரத்துப் பில்லை விட்டுவிட்டுப் பழையவற்றை முதலில் கொடுக்கச் சொன்னேன். அந்த வாரத்துப் பில்லுக்கு ஒப்பந்தப்படி நாற்பத்தைந்து நாள் இருந்தது.